"காபி ரொம்ப ஸ்ட்ராங்" என்பவருக்கு எதை மாற்ற வேண்டும், எதைத் தொடக் கூடாது

கேள்வி: கோயம்புத்தூரில் சிறிய எஸ்பிரஸோ கடை நடத்துகிறேன். புதிதாகச் சேர்ந்த பையன் ஆர்வமாகத்தான் வேலை செய்கிறான். ஆனால் யாராவது "காபி ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு" என்று சொல்லிவிட்டால் தடுமாறுகிறான். ஒரு நேரம் பாலை ஊற்றுகிறான், ஒரு நேரம் வெந்நீரை ஊற்றுகிறான், ஒரு நேரம் இயந்திரத்தில் இறக்கும் எஸ்பிரஸோ ஷாட்டையே மாற்றிப் போடுகிறான். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சுவை வருகிறது. இதை அவனுக்கு எப்படி முறையாகக் கற்றுக்கொடுப்பது?

பதில்: பதினான்கு ஆண்டுகளாக எஸ்பிரஸோ இயந்திரத்தின் பின்னால் நிற்கிறேன், அதில் ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். உங்கள் பையன் செய்யும் மூன்றையும் நான் பயிற்சி கொடுத்த பெரும்பாலானவர்கள் செய்திருக்கிறார்கள். மூன்றுக்கும் ஒரே காரணம்தான். "ஸ்ட்ராங்" என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர்கள் மருந்தைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். நோய் எது என்று கேட்பதில்லை. நம் ஊர் வாடிக்கையாளர் அந்த ஒரு சொல்லை மூன்று வெவ்வேறு குறைகளுக்குப் பயன்படுத்துகிறார். காபி நாக்கில் அடர்த்தியாக, கனமாக இருக்கிறது என்பது ஒன்று. கசக்கிறது என்பது இன்னொன்று. குடித்தால் படபடப்பாக இருக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை என்பது மூன்றாவது. அடர்த்தியைக் குறைக்கும் வழி கசப்பைக் குறைக்க வேண்டும் என்பதில்லை, கசப்பைக் குறைக்கும் வழி காஃபீனைக் குறைப்பதே இல்லை. ஆகவே பயிற்சியின் முதல் பாடம் கேட்பது, இரண்டாவது பாடம் எதைத் தொடக் கூடாது என்பது, மூன்றாவதுதான் எதை மாற்றுவது என்பது. பலர் இதைத் தலைகீழாகச் சொல்லித் தருவதால்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

கேட்பதற்கு இரண்டு கேள்விகள் போதும். அதற்கு மேல் கேட்டால் வரிசையில் நிற்பவர் பொறுமை இழப்பார், வாடிக்கையாளருக்கும் தன்னைத் தேர்வு எழுத வைப்பதுபோல் தோன்றும். முதல் கேள்வி, "வீட்டில் எந்தக் காபி குடிப்பீங்க, சர்க்கரை போட்டா, போடாமலா?" என்பது. இரண்டாவது, "கசப்பா தெரியுதுங்களா, இல்லை காபி தூக்கலா இருக்குங்களா?" என்பது. முதல் கேள்வியை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஃபில்டர் காபி பெரும்பாலும் சர்க்கரை கலந்தேதான் கைக்கு வருகிறது. வேண்டாம் என்பவர்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும். எஸ்பிரஸோ கடையிலோ சர்க்கரை ஓரத்தில் பொட்டலமாக இருக்கும். அதைக் கவனிக்காமல் கப்புச்சினோவை வாயில் வைத்தவர் "என்னங்க, இவ்வளவு ஸ்ட்ராங்" என்று சொன்னால், அங்கே குறைவது ஒரு கரண்டிச் சர்க்கரைதான். அவருக்காக ஷாட்டை மாற்றுவதும் பாலைக் கொட்டுவதும் வீண் வேலை. சர்க்கரை இனிப்பைக் கூட்டுவதோடு நாக்கு கசப்பை உணர்வதையும் தணிக்கிறது. இது நிறுவப்பட்ட செய்தி.

இனி, தொடக் கூடாதது. நம் ஊர் டீக்கடை மாஸ்டரைப் பையனுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லுங்கள். லைட், மீடியம், ஸ்ட்ராங் என்று ஒரே நேரத்தில் மூன்று பேர் கேட்டால் அவர் மூன்று டிகாக்ஷன் போடுவதில்லை. டிகாக்ஷன் ஒன்றுதான்; கிளாஸில் எவ்வளவு ஊற்றுகிறார், எவ்வளவு பால் சேர்க்கிறார் என்பதுதான் மாறுகிறது. எஸ்பிரஸோவிலும் அதே ஒழுங்கு பொருந்தும். ஷாட் என்பது நமது டிகாக்ஷன். காலையில் கடை திறக்கும்போது அதைச் சுவைத்துச் சரிசெய்து வைத்துவிட்டால், அதன் பிறகு எந்த வாடிக்கையாளருக்காகவும் கிரைண்டரின் அளவையோ தூளின் எடையையோ ஷாட் இறங்கும் நேரத்தையோ தொடக் கூடாது. பெரும்பாலான கடைகளில் இன்று நடப்பில் இருப்பது 18 கிராம் தூள், கோப்பையில் 36 கிராம் எஸ்பிரஸோ, இறங்கும் நேரம் 25 முதல் 30 நொடி. உங்கள் கடையின் எண்கள் சற்று வேறாக இருக்கலாம், அதில் தவறில்லை. அந்த எண்களை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு சுவை வருகிறது என்று நீங்கள் சொல்வதில் பெரும்பகுதி இந்த ஒன்றிலேயே நின்றுவிடும்.

ஏன் தொடக் கூடாது என்பதைச் சொல்லி மட்டும் விட்டால் பையன் ஏற்றுக்கொள்ள மாட்டான். நாக்கில் வைத்துக் காட்ட வேண்டும். நான் முதல் நாளே செய்யும் பயிற்சி இது. ஒரு ஷாட்டை வழக்கம்போல் ஓடவிட்டு, மூன்று சிறிய கிண்ணங்களில் பிரித்துப் பிடிக்க வேண்டும். முதல் 12 கிராம் ஒன்றில், அடுத்த 12 கிராம் இரண்டாவதில், கடைசி 12 கிராம் மூன்றாவதில். பிறகு ஷாட்டை நிறுத்தாமல் இன்னும் 20 கிராம் நான்காவது கிண்ணத்தில் பிடிக்க வேண்டும். முதல் கிண்ணம் கரிய சாந்துபோல் இருக்கும். புளிப்பும் உப்புத்தன்மையும் சேர்ந்து வாயைச் சுருக்கும். இரண்டாவதில் இனிப்பு எட்டிப்பார்க்கும். மூன்றாவது மெலிந்திருக்கும், ஆனால் முதலிரண்டையும் சமன்செய்ய அது தேவை. நான்காவதைப் பார்த்தால் வெளிர் மஞ்சளாக, தண்ணீர்போல் இருக்கும். குடித்தால் மரப்பட்டையைக் கடித்ததுபோல் வறட்சியும் கசப்பும் நாக்கின் பின்பகுதியில் தங்கும். வீட்டில் ஃபில்டரில் முதல் டிகாக்ஷனை எடுத்துவிட்டு, அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாம் டிகாக்ஷனை நினைவுபடுத்துங்கள். பையனுக்கு உடனே புரிந்துவிடும். நிறம் வெளிர்வதால் அது லைட்டாகிவிடுவதில்லை.

இந்த நான்காவது கிண்ணம்தான் புதியவர்களின் மிகப் பொதுவான தவறுக்கு விளக்கம். ஸ்ட்ராங்காக இருக்கிறது என்று சொன்னால், "அப்படியானால் கொஞ்சம் அதிகத் தண்ணீர் போகட்டும்" என்று ஷாட்டை 56 கிராம் வரை ஓடவிடுகிறார்கள். அடர்த்தி குறைகிறது என்பது உண்மை. கூடவே கசப்பு ஏறுகிறது, தூளில் மிச்சம் இருக்கும் காஃபீனும் சிறிது கூடுதலாக இறங்குகிறது. கசப்பைப் பற்றிக் குறை சொன்ன ஒருவருக்கு இதைக் கொடுத்தால் அவர் முதல் கோப்பையைவிட இரண்டாவதை மோசம் என்பார். இதைக் காட்ட இரண்டு கோப்பைகள் போதும். ஒன்றில் 36 கிராமில் நிறுத்திய ஷாட்டோடு 20 கிராம் வெந்நீரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். மற்றொன்றில் 56 கிராம் வரை ஓடவிட்ட ஷாட். இரண்டிலும் எடை ஒன்று, தூள் ஒன்று. எந்தக் கோப்பை எது என்று சொல்லாமல் குடிக்கக் கொடுத்தால், நான் பயிற்சி கொடுத்தவர்களில் கிட்டத்தட்ட எல்லோரும் முதல் கோப்பையைத்தான் மென்மையானது என்று எடுத்தார்கள். தண்ணீரைத் தூளின் வழியாக அனுப்புவதும் கோப்பையில் நேராக ஊற்றுவதும் ஒன்றல்ல என்பதை அந்த ஒரு மிடறு கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இரண்டாவது தவறு தூளைக் குறைப்பது. 18 கிராமுக்கென்று செய்யப்பட்ட, தூள் இடும் பாஸ்கெட்டில் 13 கிராம் தூளை இட்டால், தூளுக்கு மேலே இடைவெளி அதிகமாகிறது. மெல்லிய படுகையை அழுத்தத்தில் வரும் நீர் எளிதாகத் துளைத்து ஓரிடத்தில் வழி செய்துகொள்கிறது. அந்த வழியில் இருக்கும் தூள் அளவுக்கு மீறிக் கரைகிறது, மற்ற இடத்தில் இருப்பது பாதிகூடக் கரைவதில்லை. ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வரும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஷாட் பத்துப் பதினைந்து நொடியிலேயே வெளுத்துப் பீய்ச்சும். பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரைத் தட்டும்போது தூள் அடையாக விழாமல் சேறாக விழும். கிரைண்டரைக் கரகரப்பாகத் திருப்புவதும் ஏறக்குறைய இதே விளைவைத்தான் தரும். அதைவிட மோசம், அடுத்து வரும் ஐந்து பேருடைய காபியும் கெட்டுவிடும். ஒருவருக்காகத் திருப்பிய கிரைண்டரைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர இரண்டு மூன்று ஷாட்டாவது வீணாகும்.

எனவே மாற்ற வேண்டியது எஸ்பிரஸோவுக்கும் பாலுக்குமான பங்கு. உங்கள் கடையில் கப்புச்சினோ 180 மில்லி கோப்பை என்று வைத்துக்கொள்கிறேன். நுரை இடத்தை அடைத்துக்கொள்வதால் அதில் உண்மையில் இருப்பது 36 கிராம் எஸ்பிரஸோவும் சுமார் 120 கிராம் பாலும். அதாவது ஒரு பங்குக்குச் சற்றேறக்குறைய மூன்றேகால் பங்கு பால். பல வீடுகளில் ஃபில்டர் காபியும் ஒன்றுக்கு மூன்று என்றுதான் கலக்கப்படுகிறது. அப்படியிருக்க ஏன் இது மட்டும் ஸ்ட்ராங்காகத் தெரிகிறது என்று பையன் கேட்கலாம். நல்ல கேள்வி அது. எஸ்பிரஸோவில் கரைந்திருக்கும் காபி பெரும்பாலும் அதன் எடையில் 8 முதல் 12 சதவீதம். அழுத்தமில்லாமல் சொட்டுச் சொட்டாக இறங்கும் வீட்டு டிகாக்ஷன் பொதுவாக அந்த அளவுக்குக் கெட்டியாக இருப்பதில்லை. பங்கு ஒன்றாக இருந்தாலும் பங்கு போடப்படும் பொருள் வேறு. அதனால் ஒன்றுக்கு ஐந்து என்பதை முதல் படியாகவும், ஒன்றுக்கு ஏழு என்பதை இரண்டாவது படியாகவும் நான் கற்றுக்கொடுக்கிறேன். இடையில் வேறு படிகள் வேண்டாம். படிகள் குறைவாக இருந்தால்தான் கை பழகும்.

ஒன்றுக்கு ஏறக்குறைய ஐந்தை அடைய இரண்டு வழிகள் உண்டு. இரண்டும் வெவ்வேறு ஆளுக்கு உரியவை. முழு ஷாட்டையும் 240 மில்லி கோப்பையில் விட்டு 180 கிராம் பால் சேர்ப்பது ஒரு வழி. காபியின் மொத்த அளவும் காஃபீனும் அப்படியே இருக்கும், அடர்த்தி மட்டும் குறையும். காலையில் வேலைக்குப் போகிறவர், விழிப்பு வேண்டும் ஆனால் தூக்கலாக வேண்டாம் என்பவர், இதை விரும்புவார். ஷாட்டைச் சிறிய ஜாடியில் பிடித்து, அதிலிருந்து 24 கிராமை மட்டும் அதே 180 மில்லி கோப்பையில் ஊற்றி 130 கிராம் பால் சேர்ப்பது மற்றொரு வழி. இதில் காஃபீனும் மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பெரிய கோப்பையைக் கண்டு மலைப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதுவே ஏற்றது. ஒன்றுக்கு ஏழு வேண்டுமென்றால் இரட்டைக் குழாய் போர்ட்டாஃபில்டரின் ஒரு பக்கத்தை மட்டும் கோப்பையில் பிடித்தால் போதும். 18 கிராம் வரும், மீதியைப் பாலால் நிரப்பலாம். மிச்சமாகும் பாதி ஷாட்டை வீண் என்று நினைக்காதீர்கள். அதைப் பையனைச் சுவைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் ஷாட் சரியாக இருக்கிறதா என்பதற்கு அதைவிடக் கையருகே கிடைக்கும் சோதனை வேறில்லை. இரண்டு குழாயிலும் சமமாக இறங்குகிறதா என்பதைத் தராசில் ஒரு முறை பார்த்துவிடுங்கள். இயந்திரம் சாய்ந்திருந்தாலோ தூளைச் சாய்வாக அழுத்தினாலோ 14, 22 என்று பிரியும்.

ஒரு சம்பவத்தை முழுமையாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த கடைக்கு அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் மகளோடு வந்தார். கப்புச்சினோவை இரண்டு வாய் குடித்துவிட்டு, "ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு தம்பி, குடிக்க முடியல" என்றார். புதிதாகச் சேர்ந்திருந்த பையன் அதே கோப்பையில் கொஞ்சம் சூடான பாலை ஊற்றிக் கொடுத்தான். கோப்பை நிறைந்ததே தவிர, ஊற்ற முடிந்தது 30 கிராம்கூட இல்லை, நுரையும் உடைந்துபோயிற்று. அந்த அம்மா இன்னொரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். நான் போய் வீட்டுக் காபியைப் பற்றிக் கேட்டேன். "கடையில அரைச்ச பொடி, சிக்கரி போட்டது, சர்க்கரை ஒன்றரைக் கரண்டி" என்றார். கசக்கிறதா என்று கேட்டதற்கு, "கசப்புகூடப் பரவாயில்லை, வாயெல்லாம் அப்பிக்கிட்ட மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சொல்லில் விடை இருந்தது. குறை அடர்த்தியில், அதோடு சர்க்கரை சேர்க்கப்படவில்லை. புதிய கோப்பையில் 24 கிராம் எஸ்பிரஸோவை விட்டு, பால் ஊற்றும் முன்பே ஒன்றரைக் கரண்டிச் சர்க்கரையை அதில் கரைத்தோம். பிறகு 130 கிராம் பால், நுரை குறைவாக. அவர் முழுவதும் குடித்தார். பையன் கவனிக்க வேண்டியதாக நான் சொன்னவை இரண்டு. கலந்துவிட்ட கோப்பையைத் திருத்த முயலாமல் புதிதாகச் செய்ய வேண்டும். ஏனெனில் நிறைந்த கோப்பையில் பங்கை மாற்ற இடமே இருக்காது. சர்க்கரையைச் சூடான எஸ்பிரஸோவில் முதலில் கரைக்க வேண்டும். நுரையின் மேல் தூவினால் பாதி அடியிலேயே தங்கிவிடும்.

குறை கசப்பு என்றால் பங்கை மாற்றுவது பாதிதான் உதவும். கசப்பைக் குறை சொன்னவுடன் பையன் செய்ய வேண்டிய முதல் வேலை, அடுத்த ஷாட்டின் நேரத்தையும் எடையையும் பார்ப்பதும் அதைச் சுவைப்பதும். காலையில் 28 நொடியில் இறங்கிய ஷாட், மதியம் 40 நொடி எடுக்கலாம். மழை நாளில் காற்றின் ஈரம், கிரைண்டரின் சூடு, புதிதாகப் பிரித்த பொட்டலம் எல்லாமே அதை மாற்றும். அப்படியானால் வாடிக்கையாளர் சொன்னது சரி, தவறு நம்முடையது. கிரைண்டரைத் தொட வேண்டிய நேரம் அது ஒன்றுதான். ஒரே காலையில் மூன்று பேர் "ஸ்ட்ராங்" என்று சொன்னால் நான் வாடிக்கையாளரிடம் எதுவும் கேட்பதில்லை; நேராக இயந்திரத்திடம் போகிறேன். நேரமும் எடையும் சரியாக இருந்தும் கருகிய, பழைய எண்ணெய் நாற்றம் வந்தால், தூளின் மேல் வெந்நீரைத் தெளிக்கும் ஷவர் ஸ்கிரீனையும் போர்ட்டாஃபில்டரின் உட்புறத்தையும் விரலால் துடைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டினால் அது படிந்துபோன காபி எண்ணெய். அதைக் கழுவாமல் எத்தனை பால் ஊற்றினாலும் பயனில்லை.

ஷாட் சரியாகவே இருந்து, அந்த ஒருவருக்கு மட்டும் கசந்தால், பாலைப் பாருங்கள். பாலின் புரதம் காபியில் துவர்ப்பைத் தரும் சில பொருள்களோடு ஒட்டிக்கொள்கிறது, கொழுப்பு நாக்கில் படர்ந்து கசப்பை மறைக்கிறது. ஆகவே 3 சதவீதக் கொழுப்புள்ள டோன்டு பாலில் கசந்த காபி, 6 சதவீதக் கொழுப்புள்ள முழுக்கொழுப்புப் பாலில் அதே பங்கில் மென்மையாகத் தெரியும். சூடும் முக்கியம். 55 முதல் 65 டிகிரி வரை சூடேற்றிய பாலில் இனிப்பு நன்றாகத் தெரிகிறது; 70ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை மேலெழுந்து இனிப்பு பின்னுக்குப் போய்விடுகிறது. ஆனால் நம் மக்கள் ஆவி பறக்கும் டபரா டம்ளரில் பழகியவர்கள், 60 டிகிரிப் பாலை "ஆறிப்போச்சு" என்பார்கள். இதற்காகப் பாலைக் கொதிக்கவிடாமல் கோப்பையை வெந்நீரில் சூடாக்கி வைத்துக் கொடுங்கள். உதட்டில் படும் சூடு பாதிக் குறையைத் தீர்த்துவிடும். பாலும் சர்க்கரையும் போதாதவருக்குச் சாக்லேட் சேர்த்த மோக்கா நல்ல வழி. ஆனால் அதைக் கடைசியாகவே சொல்ல வேண்டும், அவர் கேட்டு வந்தது காபி.

மூன்றாவது குறை உடலைப் பற்றியது; இதில் பையன் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். "குடிச்சா படபடங்குது", "ராத்திரி தூக்கம் போயிடுது" என்று சொல்பவருக்குப் பாலைக் கூட்டிக் கொடுத்தால் நாக்குக்கு லைட்டாக இருக்கும், உடலுக்கு அதே அளவுதான் போகும். காஃபீனைக் குறைக்க ஒரே வழி எஸ்பிரஸோவின் அளவைக் குறைப்பது, அல்லது காஃபீன் நீக்கிய டிகாஃப் கொட்டையைப் பயன்படுத்துவது. 18 கிராம் அராபிகாவில் இறக்கிய ஷாட்டில் பொதுவாக 120 முதல் 150 மில்லிகிராம் காஃபீன் இருக்கும். ரொபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு என்பதால், கலவையில் அது எவ்வளவு சேர்ந்திருக்கிறதோ அதற்கேற்பக் கூடும். உங்கள் கலவையில் எத்தனை சதவீதம் என்பது பையனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். டிகாஃபிலும் சில மில்லிகிராம் மிஞ்சியிருக்கும், "துளியும் இல்லை" என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. கோல்ட் ப்ரூ கசப்பில்லாமல் வழவழப்பாக இருப்பதால் அதை லைட் என்று நம்பிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நிறையத் தூளைப் பல மணிநேரம் ஊறவைத்து எடுப்பதால் அதில் காஃபீன் ஒரு ஷாட்டுக்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கக்கூடும். அடர்வறுவல் கொட்டையும் இதேபோல் ஏமாற்றும்; சுவை கடுமையானது, காஃபீன் எடைக்கு எடை இளவறுவலுக்குக் கிட்டத்தட்ட சமம்.

கர்ப்பிணிகளிடமும் இதய நோயாளிகளிடமும் பாரிஸ்டா மருத்துவராகப் பேசக் கூடாது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் வெளியிட்ட கருத்துப்படி ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரையும், கர்ப்பிணிகளுக்கு 200 மில்லிகிராம் வரையும் காஃபீன் கவலைக்குரியதல்ல. அந்தப் 200இல் பெரும்பகுதி உங்கள் ஒரு ஷாட்டிலேயே வந்துவிடுகிறது என்பதைப் பையன் அறிந்திருந்தால் போதும். கேட்டால் அளவைச் சொல்லலாம், பாதி ஷாட்டும் டிகாஃபும் இருப்பதைச் சொல்லலாம். குடிக்கலாமா கூடாதா என்பதை அவரும் அவருடைய மருத்துவரும் பார்த்துக்கொள்வார்கள்.

பால் சேர்க்காத காபியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அதே விதிதான். அமெரிக்கானோ ஸ்ட்ராங் என்றால் வெந்நீரைக் கோப்பையில் கூட்டுங்கள், அல்லது சிறிய ஜாடியில் வெந்நீரைப் பக்கத்தில் வைத்து அவரே சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேலே மிதக்கும் பழுப்பு நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டாலே கசப்பு ஓரளவு குறைவது தெரியும். வடிதாளில் இட்ட தூளின் மேல் வெந்நீர் ஊற்றி இறக்கும் போர் ஓவர் காபியில் 250 மில்லி நீருக்கு 15 கிராமுக்குப் பதிலாக 12 கிராம் தூளைப் போட்டால், குறைந்த தூளின் வழியாக அதே அளவு நீர் போவதால் தூள் கூடுதலாகக் கரைந்து கசப்பு எட்டிப்பார்க்கும். வழக்கம்போல் இறக்கிவிட்டு, பிறகு 40, 50 மில்லி வெந்நீரைச் சேர்ப்பதே சரி.

இதில் எவை உறுதியானவை, எவை என் பழக்கம் என்பதையும் பிரித்துச் சொல்லிவிடுகிறேன். ஷாட்டை நீட்டினால் அடர்த்தி குறைந்து கசப்பு முன்னுக்கு வரும், பாலைக் கூட்டுவதால் காஃபீன் குறையாது, சர்க்கரை கசப்பைத் தணிக்கும் என்பவை எந்தக் கடையிலும் மாறாதவை. ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு ஏழு என்ற படிகள் நான் வேலை செய்த கடைகளில், நடுத்தர வறுவல் கொட்டையோடு பொருந்தியவை. உங்கள் கொட்டை மிகவும் அடர்வறுவலாக இருந்தால் ஒன்றுக்கு ஆறில் தொடங்க நேரலாம், இளவறுவலாக இருந்தால் ஐந்திலேயே காபியின் சுவை காணாமல்போகலாம். அதை நீங்களும் பையனும் ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் பாலிலேயே சுவைத்து முடிவுசெய்ய வேண்டும். ஒருவருடைய நாக்கு இன்னொருவரைவிடக் கசப்பைக் கூடுதலாக உணர்வது பிறவியிலேயே அமைவதும் உண்டு. அப்படிப்பட்ட சிலருக்கு நீங்கள் எதைச் செய்தாலும் காபி கசக்கும். அவருக்கு நல்ல தேநீரோ சூடான சாக்லேட்டோ கொடுப்பது பையனின் தோல்வி ஆகாது என்பதை அவனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூன்றாவது முறையும் காபியையே மாற்றிக்கொண்டிருப்பான்.

பயிற்சிக்கு நான்கு நாள் ஒதுக்குங்கள். முதல் நாள் கிண்ணங்களில் பிரித்துப் பிடிக்கும் சோதனையும் இரண்டு கோப்பைச் சோதனையும். இரண்டாம் நாள் அவனே தராசில் நிறுத்து வழக்கமான கப்புச்சினோ, ஒன்றுக்கு ஐந்து, ஒன்றுக்கு ஏழு ஆகிய மூன்றையும் பத்து முறை செய்ய வேண்டும். குறி தவறாமல் அடையாளம் சொல்லும்வரை கண்ணை மூடிச் சுவைக்க வேண்டும். மூன்றாம் நாள் நீங்கள் வாடிக்கையாளராக எதிரே நின்று "ஸ்ட்ராங்கா இருக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். மனதில் ஒவ்வொரு முறையும் வேறு குறையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டே கேள்வியில் அவன் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நான்காம் நாள் உண்மையான வாடிக்கையாளர்கள். திருத்திய ஒவ்வொரு கோப்பைக்கும் என்ன குறை சொன்னார், எதை மாற்றினான், கோப்பை காலியாகத் திரும்பியதா என்று ஒரு நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். மேசையைத் துடைக்கும்போது பாதிக் காபியோடு திரும்பும் கோப்பையை யாரும் அவனிடம் வந்து குறையாகச் சொல்ல மாட்டார்கள், அவனாகப் பார்த்து எழுதினால்தான் உண்டு.